விடுதிக்குப் புதிதாக வரும் கிராமத்துப் பிள்ளையை எப்படி வரவேற்பது?

"அக்கா, நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை என் அறைக்குப் புதிதாக ஒரு பிள்ளை வருகிறாள். வெல்லாவெளிக்கு உள்ளே ஒரு கிராமமாம், அப்பா வயல் செய்கிறவர். வீட்டை விட்டு வெளியே தங்கியதே இல்லையாம். அவளுக்கு உதவ வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் மேல்வருட மாணவி பக்கத்தில் வந்தாலே புதுப்பிள்ளைகள் பயப்படுகிறார்கள். என்ன பேசுவது, என்ன செய்து கொடுப்பது?"

தங்கச்சி, முதலில் ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். "ஏதாவது தேவையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடாதீர்கள். மகளிர் விடுதி ஒன்றில் பல வருடம் உதவிப் பொறுப்பாளராக இருந்தவள் நான். இந்த வார்த்தைக்கு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகளிடமிருந்து எனக்குக் கிடைத்த பதில் எப்போதும் "ஒன்றும் வேண்டாம் அக்கா" என்பதுதான். அவர்களுக்குத் தேவை இல்லாமல் இல்லை. விடுதியில் என்னென்ன இருக்கிறது, எதற்கு யாரிடம் போவது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? தெரிந்தாலும், குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றியும் மாதவிலக்குத் துணியைப் பற்றியும் முன்பின் அறியாத அக்காவிடம் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? அதனால் கேட்கும்படி விடாமல், நீங்கள் உங்கள் வேலையைச் செய்துகொண்டே அவளுக்குக் காட்டிக்கொடுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

வேலை அவள் புறப்படுவதற்கு முதல் நாள் மாலையே தொடங்குகிறது. விடுதிப் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, வீட்டுத் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு எடுங்கள். அப்பாவிடமோ அம்மாவிடமோ பேசுங்கள், அவளைத் தனியாகக் கேட்காதீர்கள். மாலையில் எடுப்பது நல்லது. பகலில் அப்பா வயலில் நிற்பார், பல இடங்களில் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. அவர்களுக்கு வழி தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். வெல்லாவெளியிலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிக்குடி, அங்கிருந்து மட்டக்களப்பு வரை அவர்கள் அடிக்கடி வந்து பழகியிருப்பார்கள். பட்டணத்திற்கு வடக்கே பலர் வந்திருக்க மாட்டார்கள். மட்டக்களப்பில் வாழைச்சேனைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும், ஏறாவூர், செங்கலடி தாண்டியதும் வந்தாறுமூலை, சித்தாண்டி வந்துவிட்டால் இறங்கும் இடம் பின்னால் போய்விட்டது என்று வரிசையாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு மட்டுமல்லாமல் அப்பாவுக்கும் விளங்க வேண்டும், மூட்டையைச் சுமந்துகொண்டு நடத்துநரிடம் கேட்கப்போகிறவர் அவர்தான்.

அதே அழைப்பில் கொண்டுவர வேண்டிய பொருட்களையும் சொல்லுங்கள். புதிதாகக் காசு கொட்டி வாங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைப்பிடி உறுதியான ஒரு வாளி, ஒரு கோப்பை, நுளம்பு வலை, வலையைக் கட்ட நான்கு முழம் கயிறு நான்கு துண்டு, இரண்டு சாவி உள்ள ஆமைப்பூட்டு ஒன்று, தலையணையும் இரண்டு விரிப்பும், குளிக்கும்போது கட்ட ஒரு பழைய சேலைத்துண்டு. அடையாள அட்டையையும் அனுமதிக் கடிதத்தையும் மூலப்பிரதியாக ஒரு உறையிலும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று போட்டோப் பிரதிகளை வேறு உறையிலும் வைக்கச் சொல்லுங்கள். மூலப்பிரதியை எவரிடமும் கொடுத்துவிட்டு வரக்கூடாது, காட்டிவிட்டுத் திரும்ப வாங்க வேண்டும் என்பதை அப்பாவிடமே சொல்லுங்கள். உறவினர் யாராவது புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால், பூட்டுப் போட வளையம் உள்ள பெட்டியாக இருக்கட்டும். விடுதியில் எல்லா அலுமாரிக்கும் பூட்டு இருக்காது.

இனி வாசலில் நடப்பது. இங்கேதான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நம் நாட்டில் மேல்வருட மாணவி ஒருத்தி சிரித்துக்கொண்டு வந்தாலும் அந்தப் பிள்ளையின் மனதில் முதலில் வருவது பகிடிவதைதான். உங்கள் நல்ல மனம் அவளுக்குத் தெரியாது. உங்கள் நடத்தை மட்டுமே தெரியும். ஆகவே சந்தேகத்திற்கு இடமே இல்லாமல் நடந்துகொள்ளுங்கள். அப்பா அம்மா நிற்கும்போது, திறந்த இடத்தில், விடுதிப் பொறுப்பாளர் காணும்படி பேசுங்கள். அவளை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போக வேண்டாம். நாலைந்து தோழிகளைக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். பலர் சேர்ந்து சூழ்ந்தாலே அது மிரட்டலாகத் தெரியும். "பாட்டுப் பாடத் தெரியுமா?", "காதல் இருக்கிறதா?", "எத்தனை புள்ளி?" என்ற கேள்விகள் விளையாட்டுக்குக்கூட வேண்டாம். பட்டப்பெயர் வைக்க வேண்டாம், உடுப்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

சட்டமும் இதில் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, அதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம், மாணவருக்கு உடல் அல்லது மனக் காயத்தையோ, மன வேதனையையோ, அச்சத்தையோ உண்டாக்கும் செயலைப் பகிடிவதை என்கிறது. அடித்தால்தான் குற்றம் என்று நினைப்பவர்கள் அச்சம் என்ற சொல்லைக் கவனிப்பதில்லை. இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை விதிக்க இடமுண்டு, பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ என்றால் பத்து வருடம் வரை போகலாம். இதை அவளிடம் பாடமாக ஒப்பிக்க வேண்டாம். ஆனால் அப்பாவிடம், "இங்கே யாராவது பிள்ளையைத் தொந்தரவு செய்தால் நேரே பொறுப்பாளரிடம் சொல்லலாம், அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்று அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். இரண்டாம் வருட மாணவி ஒருத்தி தன் வாயால் அதைச் சொன்னால், புதுப்பிள்ளையின் தோள் கொஞ்சம் தளர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

என்ன சொல்லி வரவேற்பது என்று கேட்டீர்கள். நிறையச் சொல்ல வேண்டியதில்லை. "வாருங்கள் தங்கச்சி, நான்தான் உங்கள் அறையில் இருக்கும் அக்கா. வாருங்கள் அப்பா, பஸ்ஸில் இடம் கிடைத்ததா? அந்தப் பையை இங்கே தாருங்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள்." இவ்வளவு போதும். அப்பாவை "அப்பா" என்றும் அம்மாவை "அம்மா" என்றும் அழையுங்கள். "அங்கிள்", "ஆன்ட்டி" என்று அழைத்தால் படுவான்கரையில் அந்நியமாகத் தோன்றும். பிள்ளையின் ஊர்ப் பெயரைக் கேட்டால், அந்த ஊர் எங்கே என்று தெரியாவிட்டாலும் "அது எங்கே, காடா?" என்று கேட்டுவிடாதீர்கள். குடும்பம், சாதி, சொந்தக்காரர் என்று நூல் பிடித்துப் போகும் கேள்விகள் நம் பகுதியில் பழக்கமானவைதான், ஆனால் முதல் நாளில் அவை ஒருவரை நிறுத்துப் பார்ப்பதாகவே முடியும். தண்ணீர் குடித்த பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் சோற்றுப் பொதியை எடுத்து வையுங்கள். கேட்டால் "சாப்பிட்டோம்" என்றுதான் பதில் வரும். விடியுமுன் புறப்பட்டு மூன்று பஸ் மாறி வந்தவர்கள் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை. மரக்கறிச் சோறாக இருக்கட்டும், விரதமோ ஹலாலோ எதுவானாலும் தடங்கல் இராது.

இப்போது நேரத்தைக் கவனியுங்கள். அப்பா திரும்பிப் போக வேண்டும். வெல்லாவெளி அடங்கிய போரதீவுப்பற்றுப் பக்கம் மாலை மங்கினால் யானை வீதிக்கு வரும் என்பதை, கடலோரமான எழுவான்கரைப் பிள்ளைகள் பல நேரம் யோசிப்பதில்லை. களுவாஞ்சிக்குடிக்குப் போய், அங்கிருந்து உள்ளே போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அவர் இருட்டில் சைக்கிளிலோ நடந்தோ போக வேண்டியிருக்கும். மகளுக்கு அது தெரியும். அவள் முகம் வாடுவதற்குப் பிரிவு மட்டும் காரணம் அல்ல, அப்பா பத்திரமாகப் போய்ச் சேர்வாரா என்ற கவலையும் இருக்கிறது. ஆகவே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அப்பாவிடம் முதலிலேயே கேட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பெற்றோர் கையெழுத்து வேண்டிய படிவங்களை அறை பார்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நான் கண்ட பிழை எப்போதும் இதுதான்: எல்லோரும் அறையில் கட்டில் போட்டு அலங்கரித்துக்கொண்டிருப்பார்கள், கையெழுத்து வாங்க அலுவலகம் போகும்போது எழுத்தர் எழுந்து போயிருப்பார், அப்பா அடுத்த நாளும் வயலை விட்டு வர வேண்டியதாகும்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன், இதில் எல்லாம் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது என்று விளங்கும். அவளும் வெல்லாவெளிப் பக்கம்தான். ஐப்பசியில், விதைப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில் வந்தாள். மதியத்திற்கு முன் படிவ வேலை முடிந்தது, அப்பாவை ஒரு மணி போல் பஸ் ஏற்றிவிட்டோம். அறைத் தோழி கெட்டிக்காரி. "நான் குளிக்கப் போகிறேன், நீங்களும் வாளியை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று கூட்டிப்போனாள். காலை ஐந்தரைக்குத் தாங்கியில் தண்ணீர் நிறையும், ஏழு மணிக்குப் பிறகு குழாயில் சொட்டும், எனவே முதல் நாள் இரவே ஒரு வாளி பிடித்து வைக்க வேண்டும் என்று நின்ற இடத்திலேயே சொன்னாள். தாழ்ப்பாள் சரியில்லாத கதவு எது, சறுக்கும் தரை எது, உள்ளே போகும்போது துவாயை எந்த ஆணியில் மாட்டுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அன்றிரவு அந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கினாள். அதே நாள் வந்த இன்னொருத்தி, யாரும் காட்டாததால், இரண்டு நாள் குளிக்கவே இல்லை. கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு தங்கையோடும் சித்தியோடும் சிரித்துப் பேசி நாலு வாளி அள்ளி ஊற்றிப் பழகியவளுக்கு, வெளியே ஐந்து பேர் வரிசையில் நின்று கதவைத் தட்டும் நெருக்கடி பெரிய அச்சம். தலைவலி என்று சொல்லிப் படுத்திருந்தாள். நாங்கள் மருந்து கொடுத்தோம். காரணம் குளியலறை என்று மூன்றாம் நாள்தான் விளங்கியது.

ஆகவே தண்ணீர் வரும் நேரத்தையும் வரிசை ஒழுங்கையும் வாயால் சொல்லாமல் அழைத்துப்போய்க் காட்டுங்கள். முதல் இரண்டு நாள் உங்களுக்கு அடுத்த இடத்தை அவளுக்குக் கொடுத்து, வெளியே நீங்கள் நில்லுங்கள். யாரும் தட்ட மாட்டார்கள். மலசலகூடத்தின் தண்ணீர் இழுக்கும் கைப்பிடி பழுதாக இருந்தால் வாளித் தண்ணீரை ஒரே வீச்சாக ஊற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இதெல்லாம் சின்ன விடயம் என்று தோன்றும், ஆனால் பிள்ளைகள் விடுதியை விட்டு ஓடிப்போக நினைப்பது இந்தச் சின்ன விடயங்களால்தான்.

மாதவிலக்கைப் பற்றியும் வெளிப்படையாக எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் எழுதுவதில்லை. ஊரில் துணி பாவித்துக் கழுவி உலர்த்தியிருப்பாள், அல்லது பஞ்சுப்பட்டையைக் காகிதத்தில் சுற்றி வளவில் எரித்திருப்பாள், புதைத்திருப்பாள். இங்கே வளவும் இல்லை, அடுப்பும் இல்லை. எங்கே போடுவது என்று தெரியாமல் மலசலகூடத்துக்குள் போட்டுவிட்டால் அது தண்ணீரை உறிஞ்சிப் பெருத்து வளைகுழாயில் சிக்கும். பிறகு முழு மாடியும் அடைபட்டு, "யார் செய்தது" என்ற விசாரணை நடக்கும். அந்த அவமானம் ஒரு பிள்ளைக்கும் வரக்கூடாது. முதல் நாளே, நீங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது, மூடியுள்ள குப்பைத்தொட்டி எந்த மூலையில் இருக்கிறது, பழைய பத்திரிகை எங்கே வைத்திருக்கிறோம், யார் எப்போது அகற்றுவார்கள் என்று சொல்லுங்கள். துணி பாவிக்கிறவளாக இருந்தால் வெயில் படும் ஒரு கொடியில், மேலே மெல்லிய சீலை ஒன்று போட்டு உலர்த்த இடம் காட்டுங்கள். மறைவு என்று கட்டிலுக்கடியில் உலர்த்தினால் ஈரம் போகாது, புண் வரும்.

வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னேன் அல்லவா, அதோடு நுளம்பு வந்து சேர்கிறது. மட்டக்களப்பில் வடகீழ் மழை பெய்யும் ஐப்பசியிலிருந்து தை வரை டெங்கு பெருகும். டெங்கு நுளம்பு சேற்றில் அல்ல, வாளி, பூச்சட்டி போன்ற தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே வாளியின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டி மீண்டும் நிரப்பினால் போதாது. வாரத்திற்கு ஒரு நாள் தும்புத் தூரிகையால் உள்சுவரைத் தேய்க்க வேண்டும், முட்டை நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரைதான் எடுக்கும். வாளிக்கு மூடி போடுங்கள். அந்த நுளம்பு பகலில், காலையிலும் மாலை சாயும் நேரத்திலும் கடிக்கிறது என்பதால் மதியத் தூக்கத்திற்கும் வலை வேண்டும். வலை கட்டும்போது கட்டில் நான்கு மூலையிலும் கயிறு இழுத்து, கீழ் விளிம்பை மெத்தைக்கடியில் செருகுங்கள், தொங்கவிட்டால் பயன் இல்லை.

காய்ச்சல் வந்தால் புதிய பிள்ளை சொல்ல மாட்டாள். வீட்டு ஞாபகத்தில் படுத்திருக்கிறாள் என்று நீங்களும் விட்டுவிடக்கூடும். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். பரசிற்றமோல் கொடுக்கலாம், அஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது. இரத்தப்போக்கை அவை கூட்டும். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள். வயிற்று வலி, விடாத வாந்தி, கைகால் குளிர்தல் இருந்தால் நாளை என்று தள்ளாமல் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். காய்ச்சல் குறைந்த பிறகுதான் ஆபத்தான கட்டம் தொடங்குவதுண்டு. உடம்பு குளிர்ந்துவிட்டது என்று விரிவுரைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

காசு விடயம் அவளுக்கு மிகவும் கூச்சமானது. அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனது இரண்டு கிழமைக்குக்கூடக் காணாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகாபொல உதவித்தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பலர் வருகிறார்கள். கிடைக்கிறவர்களுக்கும் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை எப்படி ஓட்டுவது என்பதை யாராவது கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். நீங்கள் உங்கள் கணக்கைக் காட்டுங்கள், அவள் கணக்கைக் கேட்காதீர்கள். "எனக்குக் காலை ரொட்டிக்கு இவ்வளவு, மதியச் சோறு உணவகத்தில் இவ்வளவு, போட்டோப் பிரதிக்கு வாரம் இவ்வளவு, ரீலோட்டுக்கு இவ்வளவு" என்று உங்கள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்தால் அவள் தன்னுடையதை மனதுக்குள் ஒப்பிட்டுக்கொள்வாள். எந்தக் கடையில் மலிவு, எந்தக் கடையில் கடன் எழுதக்கூடாது என்றும் சொல்லுங்கள். முதல் மாதம் புத்தகம் வாங்க வேண்டாம், நூலகத்திலும் உங்களிடமும் இருப்பவற்றை முதலில் பார்க்கட்டும். கடன் கொடுக்க விரும்பினால் "கடன்" என்று சொல்லாமல் உங்கள் சோப்பையும் கருவாட்டையும் பொதுவாக வையுங்கள். அவளும் வீட்டிலிருந்து கொண்டுவந்த மோர் மிளகாயையோ எருமைத் தயிரையோ நீட்டுவாள். வேண்டாம் என்று மறுக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள். கொடுக்க இடம் இருந்தால்தான் அவளுக்கு வாங்கவும் முடியும்.

விரிவுரைக் குழுவின் செய்தி கைபேசியில் ஆங்கிலத்தில் வரும். முதல் வாரம் ஒரு மாலை அவளோடு இருந்து, நேர அட்டவணையில் கட்டடத்தின் பெயரையும் நேரத்தையும் தமிழில் எழுதிக்கொடுங்கள். ஒரு தரம் அவளோடு நடந்துபோய் மண்டபங்களைக் காட்டினால் போதும், இதற்கு மேல் அவள் தானே பார்த்துக்கொள்வாள்.

முதல் இரவு அழுதால் தடுக்காதீர்கள், காரணமும் கேட்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு உங்கள் கட்டிலில் இருங்கள். வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை எடுப்பது என்று அவள் கேட்டால், மாலையில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது என்று சொல்லுங்கள், ஏனென்றால் அப்பா வயலிலிருந்து வந்து, சிக்னல் உள்ள இடத்தில் நின்று காத்திருப்பார். நேரம் தவறினால் இரு பக்கமும் தூக்கம் கெடும்.

முதல் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுவாள். போகாதே என்று தடுக்க வேண்டாம், ஆனால் என் அனுபவத்தில் இரண்டாம் வெள்ளி போனவர்கள் திங்கட்கிழமை எளிதாகத் திரும்பி வந்தார்கள். முதல் வாரமே போனவர்களில் சிலரைத் திரும்பக் கூட்டிவருவது கஷ்டமாக இருந்தது. இரண்டாம் வெள்ளி போகும்போது வேலையும் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள். உதவித்தொகைக்கும் வேறு படிவங்களுக்கும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் கேட்பார்கள், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் வெல்லாவெளியிலேயே இருக்கிறது, ஆனால் அவள் ஊரில் நிற்கும் சனி ஞாயிறில் செயலகம் மூடியிருக்கும். ஆகவே புதன்கிழமையே அப்பாவுக்கு அழைத்து, கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டு, வியாழன் வெள்ளியில் மேலொப்பமும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அவள் திங்கள் விடியற்காலை பஸ் ஏறும்போது கடிதம் பையில் இருக்கும்.